‘சளைத்ததல்ல’ என்று எழுத −10.8 இடம் தருமா?

கேள்வி: சேலத்தில் தோல் நோய்ப் பிரிவில் எம்.டி. இறுதியாண்டு படிக்கிறேன். சேர்வராயன் மலைக் கிராமங்களில் சொறிசிரங்குக்கு பெர்மெத்ரின் க்ரீமையும் ஐவர்மெக்டின் மாத்திரையையும் ஒப்பிட்டு, வீட்டுக்கு ஒருவராக, பிரிவுக்கு 150 பேர் வைத்து மாத்திரை க்ரீமுக்குச் சளைத்ததல்ல என்று காட்டும் நான்-இன்ஃபீரியாரிட்டி டிரையல் செய்தேன். மார்ஜின் 10 சதவீதம். 28-ஆம் நாளில் க்ரீமில் 129 பேரும் மாத்திரையில் 125 பேரும் குணம். பி மதிப்பு 0.52. “வித்தியாசம் இல்லை, இரண்டும் சமம்னு எழுதும்மா” என்கிறார் கைடு. ஆனால் 95% இடைவெளி −10.8 முதல் +5.5 வரை. புள்ளி எட்டுதானே தாண்டுகிறது? 90% போட்டால் உள்ளே வந்துவிடுகிறது, பெர்-புரோட்டோகாலிலும் வருகிறது. முடிவுரையை எப்படி எழுதுவது? புரோட்டோகால் பக்கங்களையும் கணக்கையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: இப்படி எழுதுங்கள்.

“28-ஆம் நாளில் குணமடைந்தோர் ஐவர்மெக்டின் பிரிவில் 83.3%, பெர்மெத்ரின் பிரிவில் 86.0%. வித்தியாசம் −2.7 சதவீதப் புள்ளி. 95% கான்ஃபிடென்ஸ் இன்டர்வல் −10.8 முதல் +5.5. இதன் கீழ்முனை, முன்கூட்டியே வரையறுத்த −10 சதவீதப் புள்ளி மார்ஜினைத் தாண்டிவிட்டதால், ஐவர்மெக்டின் பெர்மெத்ரினுக்குச் சளைத்ததல்ல என்று இந்த ஆய்வில் நிறுவ முடியவில்லை.”

ஆய்வேடு ஆங்கிலத்தில்தான் போகும். அங்கேயும் இதே உறுப்புகளை இதே வரிசையில் வையுங்கள்: இரண்டு பிரிவின் சதவீதம், வித்தியாசம், இடைவெளி, மார்ஜின், அதற்குப் பிறகு தீர்ப்பு. தீர்ப்பை முதலில் போட்டு எண்களைப் பின்னால் தள்ளினால், தீர்ப்பு எந்த எண்ணிலிருந்து வந்தது என்பது படிப்பவருக்குத் தெரியாமல் போகும்.

உங்கள் கைடு சொன்ன வாக்கியம் வழக்கமான ஒப்பீட்டு ஆய்வுகளின் பழக்கத்தில் வருவது. அங்கேயே அது தவறுதான், இங்கே இன்னும் பெரிய தவறு. பி மதிப்பு 0.52 பதில் சொல்வது “வித்தியாசம் பூஜ்யமாக இருக்க முடியுமா?” என்ற கேள்விக்கு. உங்கள் ஆய்வு கேட்டது அதை அல்ல. “மாத்திரை 10 புள்ளிக்கு மேல் மோசமாக இருக்க முடியாது என்று சொல்ல முடியுமா?” என்று கேட்டீர்கள். 0.52 என்ற எண்ணுக்குள் அந்தப் பத்து எங்குமே இல்லை.

இதைக் கைடிடம் காட்ட ஒரு சின்னக் கணக்கு போதும். பிரிவுக்கு 150 பேருக்குப் பதில் 15 பேரை மட்டும் சேர்த்திருந்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். க்ரீமில் 13 பேர், மாத்திரையில் 12 பேர் குணம். பி மதிப்பு 0.62, உங்களுடையதைவிட இன்னும் ‘நல்லது’. ஆனால் இடைவெளி −33 முதல் +20 வரை நீள்கிறது. மாத்திரை எடுத்தவர்களில் மூன்றில் ஒருவர் கூடுதலாகக் குணமாகாமல் போகலாம் என்பதோடும் இந்தத் தரவு ஒத்துப்போகிறது. ‘வித்தியாசம் இல்லை, ஆகவே சமம்’ என்ற முறையில் போனால், ஆட்களைக் குறைக்கக் குறைக்க எந்த மருந்தும் எந்த மருந்துக்கும் சமமாகிவிடும். நான்-இன்ஃபீரியாரிட்டி என்ற வடிவமைப்பே இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான்.

அதனால் முடிவுரையில் 0.52 வேண்டாம். முடிவு அட்டவணையிலும் அதைத் தனியாக நிறுத்த வேண்டாம். கண் முதலில் அங்கேதான் போகும், போனால் கை ‘சமம்’ என்று எழுதிவிடும்.

இனி இடைவெளியை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். ஒரு தாளில் கிடைக்கோடு போடுங்கள். நடுவில் 0, இடப்பக்கம் −10. புதியதிலிருந்து பழையதைக் கழித்த குணமடைதல் சதவீதம்தான் அந்தக் கோடு. இடப்பக்கம் போகப் போக மாத்திரை மோசம், வலப்பக்கம் போனால் மாத்திரை மேல். இதில் உங்கள் இடைவெளியை ஒரு குச்சிபோல வையுங்கள். குச்சி முழுவதும் −10-க்கு வலப்பக்கம் இருந்தால் ‘சளைத்ததல்ல’ என்று எழுதலாம். குச்சி −10-ஐ மிதித்துக்கொண்டு நின்றால் எழுத முடியாது. குச்சி முழுவதும் −10-க்கு இடப்பக்கம் போய்விட்டால்தான் ‘ஏற்கத்தக்க அளவுக்கு மேல் மோசம்’ என்று எழுதலாம். உங்களுடையது நடுவிலுள்ள வகை. இடமுனை −10.8-ல் கோட்டை மிதிக்கிறது. வலமுனை பூஜ்யத்தைத் தாண்டி +5.5 வரை போகிறது. ஆகவே ‘நிறுவ முடியவில்லை’ என்பதை ‘மாத்திரை தாழ்ந்தது’ என்று மாற்றி எழுதுவதும் அதே அளவு தவறு. தேர்வாளர்களே சில நேரம் இப்படி வாசித்துவிடுவார்கள். அதனால் தீர்ப்பு வாக்கியத்துக்கு அடுத்து ஒரு வரி சேர்ப்பது நல்லது: “ஐவர்மெக்டின் தாழ்ந்தது என்றும் இந்தத் தரவு காட்டவில்லை.”

குச்சி −10-க்கும் 0-க்கும் நடுவே முழுசாக அடங்கிக்கொள்ளும் நிலையும் ஒன்று உண்டு, உதாரணமாக −9 முதல் −1 வரை. அங்கே ‘சளைத்ததல்ல’ என்பதும் உண்மை, ‘பழையதைவிடக் குறைவு’ என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். உங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

கணக்கைச் சரிபார்க்க ஆர் மென்பொருளில் ஒரே வரி போதும்:

```r
prop.test(c(125, 129), c(150, 150), correct = FALSE)
```

முதலில் மாத்திரை, அடுத்து க்ரீம். இந்த வரிசை மாறினால் குறியும் மாறி +10.8, −5.5 என்று வரும். “கீழ்முனை −5.5தான், −10-க்கு உள்ளே இருக்கிறதே” என்று அப்போது ஏமாந்துவிட வாய்ப்பு உண்டு, இது அடிக்கடி நடக்கிற பிழை. குணமடையாதவர்களை எண்ணினாலும் இதே கதைதான்: மார்ஜின் +10 ஆகும், பார்க்க வேண்டிய முனை மேல்முனை ஆகும். எந்தப் பக்கம் ‘மோசம்’ என்பதை மெத்தட்ஸ் பகுதியில் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள்.

அந்த வரியில் `correct = FALSE` என்பதை விட்டுவிட்டால் தொடர்ச்சித் திருத்தம் சேர்ந்து −11.5 முதல் +6.1 என்று இடைவெளி கொஞ்சம் அகலும். உங்கள் விஷயத்தில் இரண்டுமே கோட்டைத் தாண்டுவதால் தீர்ப்பு மாறவில்லை. ஆனால் எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கும்போது, எந்த முறையில் கணக்கிட்டீர்கள் என்பதைப் பெயரோடு எழுதியாக வேண்டும். உங்கள் புரோட்டோகாலில் ‘திருத்தம் இல்லாத வால்ட் முறை’ என்று இருக்கிறது, அதையே வையுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட வாசல்களுக்கு வருவோம்.

முதலாவது, 90% இடைவெளி. அது −9.5 முதல் +4.2 வரை வருகிறது, உள்ளே நிற்கிறது, உண்மைதான். ஆனால் நீங்கள் அனுப்பிய புரோட்டோகாலில், மாதிரி அளவுக் கணக்கின் இரண்டாம் வரியில், ‘ஒருபக்க ஆல்ஃபா 0.025’ என்று இருக்கிறது. இருபக்க 95% இடைவெளியின் ஒரு முனையைப் பார்ப்பது அதற்குச் சமம். 90% இடைவெளியின் முனையைப் பார்ப்பது ஒருபக்க 0.05-க்குச் சமம். அதாவது, உண்மையிலேயே 10 புள்ளி மோசமான ஒரு மருந்தைத் தவறாகப் ‘பாஸ்’ போடும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டரையிலிருந்து ஐந்தாக இரட்டிக்கிறது. ஒருபக்க 0.05-ஐ முன்கூட்டியே எழுதி வைத்து 90% பயன்படுத்திய ஆய்வுகள் உண்டு. அவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். தரவைப் பார்த்தபின் மாறுவதுதான் இங்கே கூடாதது. உங்கள் ஒருபக்க பி மதிப்பு, மார்ஜினை எதிர்த்துக் கணக்கிட்டால், 0.039. இது 0.025-க்கு மேல். “0.05-க்குக் கீழே இருக்கிறதே” என்று யாராவது சொன்னால், இந்த ஆய்வுக்கு வைத்த கோடு 0.05 அல்ல என்று புரோட்டோகாலைக் காட்டுங்கள்.

‘புள்ளி எட்டுதானே’ என்ற வாதமும் இதே வகைதான். எல்லைக்கோடு என்று ஒன்றை நாமே கிழித்துவிட்டு, கால் வெளியே பட்டதும் கோட்டை நகர்த்தச் சொன்னால் அது கோடே அல்ல. மார்ஜினை 12 ஆக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, யாராவது கேட்பார்கள். சி.டி.ஆர்.ஐ. பதிவில் 10 என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் கடைசியாக மாற்றிய தேதியும் தெரியும். அது கிடக்கட்டும், முக்கியமான காரணம் வேறு. முடிவைப் பார்த்துவிட்டு வைக்கும் மார்ஜின் எப்போதும் முடிவுக்குப் பொருந்தும், பொருந்தும்படிதானே வைக்கிறோம்? அந்த நிலையில் ஆய்வு எதையும் சோதிக்கவில்லை என்றாகிறது.

இன்னொன்று. நீங்கள் ‘10 சதவீதம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆய்வேட்டில் எல்லா இடத்திலும் ‘10 சதவீதப் புள்ளி’ என்று மாற்றுங்கள். க்ரீமின் 86-ல் பத்து சதவீதம் என்று யாராவது வாசித்தால் எல்லை 8.6 புள்ளி ஆகிவிடும். உங்கள் மாதிரி அளவுக் கணக்கு நேரடி வித்தியாசத்தை வைத்துப் போட்டது, ஆகவே நீங்கள் சொல்ல வந்தது புள்ளிதான்.

இரண்டாவது வாசல், பெர்-புரோட்டோகால். இதற்குக் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். உங்கள் ஆய்வின் உள்ளே நடந்தது இங்கேதான் தெரிகிறது.

க்ரீம் பிரிவில் 150 பேரில் 8 பேர் 28-ஆம் நாள் வரவில்லை, 4 பேர் இரண்டாம் முறை தடவவில்லை. மீதி 138 பேரில் 127 பேர் குணம், 92.0%. மாத்திரைப் பிரிவில் 10 பேர் வரவில்லை, 6 பேர் இரண்டாம் டோஸ் எடுக்கவில்லை. மீதி 134 பேரில் 121 பேர் குணம், 90.3%. வித்தியாசம் −1.7, இடைவெளி −8.5 முதல் +5.0. கோட்டுக்கு உள்ளேதான்.

நான்-இன்ஃபீரியாரிட்டி ஆய்வில் பெர்-புரோட்டோகாலுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? வழக்கமான ஆய்வில் எல்லோரையும் அவரவர் பிரிவிலேயே வைத்து எண்ணும் இன்டென்ஷன்-டு-ட்ரீட் முறைதான் கண்டிப்பானது. மருந்து எடுக்காதவர்களும் கலந்திருப்பதால் வித்தியாசம் மங்கும், வெற்றி கிடைப்பது கடினமாகும். நான்-இன்ஃபீரியாரிட்டியில் வித்தியாசம் மங்குவதே நமக்குச் சாதகம். இரண்டு பிரிவிலும் பாதிப்பேர் மருந்தே எடுக்காமல் இருந்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், நாம் ‘சளைத்ததல்ல’ என்று எழுதிவிடுவோம். அந்த அபாயத்துக்காகத்தான் ஒழுங்காக எடுத்தவர்களை மட்டும் தனியாகவும் பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் அது இன்டென்ஷன்-டு-ட்ரீட்டுக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து. உங்கள் புரோட்டோகாலும் அப்படியே சொல்கிறது: முதன்மைக் கணக்கு 150-க்கு 150, வராதவர்களைக் குணமாகாதவர்களாக எண்ணுவது, பெர்-புரோட்டோகால் துணைக் கணக்கு, இரண்டிலும் கோட்டுக்குள் இருந்தால் மட்டுமே ‘சளைத்ததல்ல’. ஒன்று தாண்டினாலும் கதை முடிந்தது.

சரி, முதன்மைக் கணக்கில் ஏன் தாண்டியது? வராத 18 பேரை மட்டும் கழித்துவிட்டு, டோஸ் தவறியவர்களை உள்ளே வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். மாத்திரை 140-ல் 125, க்ரீம் 142-ல் 129. வித்தியாசம் −1.6, இடைவெளி −8.5 முதல் +5.4. டோஸ் தவறியவர்களை உள்ளே விட்டாலும் வெளியே தள்ளினாலும் கீழ்முனை −8.5-லேயே நிற்கிறது. ஆக, −8.5-ஐ −10.8-க்குத் தள்ளியவர்கள் அந்த 18 பேர்தான். அவர்களைக் ‘குணமாகவில்லை’ என்று எண்ணியதால் இரண்டு பிரிவின் சதவீதமும் இறங்கி இடைவெளி அகன்றது. மாத்திரைப் பக்கம் இரண்டு பேர் கூடுதலாக வராததால் வித்தியாசமும் இடப்பக்கம் சாய்ந்தது.

நீங்கள் அனுப்பிய குறிப்பில், வராதவர்களில் பெரும்பாலோர் காப்பிப் பறிப்பு முடிந்து மலையிறங்கிப் போன தொழிலாளர்கள் என்று இருக்கிறது. அவர்கள் குணமாகிப் போனார்களா, சொறியோடு போனார்களா என்பது தெரியாது. ஆகவே இந்த மூன்றாவது கணக்கை ‘சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ்’ என்ற தலைப்பில் முடிவுகளிலும் விவாதத்திலும் கொடுங்கள், முடிவுரையில் ஏற்றாதீர்கள். விவாதத்தில் இப்படி எழுதலாம்:

“வராத 18 பேரைக் குணமாகாதவர்களாக எண்ணும் முன்வரையறுத்த முதன்மைக் கணக்கில் கீழ்முனை மார்ஜினைத் தாண்டியது; அவர்களை விலக்கிய கணக்கிலும் பெர்-புரோட்டோகால் கணக்கிலும் தாண்டவில்லை. ஆகவே இந்த ஆய்வின் தீர்ப்பு வராதவர்களை எப்படி எண்ணுகிறோம் என்பதைச் சார்ந்திருக்கிறது.”

இது நேர்மையான வாக்கியம், உங்களுக்குப் பலமான வாக்கியமும்கூட. ‘90%-ல் வந்துவிட்டது’ என்று எழுதினால் தேர்வாளர் மடக்கிவிடுவார். இதை எழுதினால், அடுத்த ஆய்வை எங்கே இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று நீங்களே காட்டியதாக இருக்கும்: பறிப்புக் காலத்துக்கு வந்து போகிறவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா, சேர்த்தால் 28-ஆம் நாள் அவர்கள் ஊரில் யார் பார்ப்பது.

இனி மாதிரி அளவு. நீங்கள் இரண்டு பிரிவிலும் 90% குணமாகும் என்று எடுத்துக்கொண்டீர்கள். 80% பவர், ஒருபக்க 0.025, மார்ஜின் 10 என்றால் பிரிவுக்கு 142 பேர். 5% பேர் வராமல் போவார்கள் என்று வைத்து 150. கணக்கு சரி. கணிப்புதான் தப்பியது. முதன்மைக் கணக்கில் க்ரீமிலேயே 86%தான் வந்தது. 86 என்பது 90-ஐவிட ஐம்பதுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒவ்வொரு சதவீதத்தின் தள்ளாட்டமும் கூடுகிறது. இரண்டு பிரிவிலும் 86 என்று வைத்து அதே கணக்கைப் போட்டால் பிரிவுக்கு 189 பேர் தேவைப்பட்டிருப்பார்கள். இன்னொரு முரணும் உண்டு: வராதவர்களுக்காக 5% கூடுதலாகச் சேர்த்தீர்கள், ஆனால் முதன்மைக் கணக்கில் அவர்களை விலக்கவில்லை, குணமாகாதவர்களாக எண்ணினீர்கள். அப்படி எண்ணப்போகிறோம் என்றால் எதிர்பார்க்கும் சதவீதத்தையே குறைத்து வைத்திருக்க வேண்டும். 90% குணமாகும், 5% பேர் வரமாட்டார்கள் என்றால் கணக்கில் போட வேண்டியது 85.5, தொண்ணூறு அல்ல. பல ஆய்வேடுகளில் இந்த முரண் இருக்கிறது.

இதை வரம்புகள் பகுதியில் இரண்டு வரியில் சொல்லுங்கள். ‘ஆய்வுக்குப் பிந்தைய பவர்’ என்று ஒன்றைக் கணக்கிட்டு ஒட்ட வேண்டாம். அது சொல்லும் விஷயத்தை இடைவெளியின் அகலம் ஏற்கெனவே இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சொற்களில் சில கண்ணிகள் இருக்கின்றன. ‘ஒப்பானது’, ‘ஏறக்குறைய அதே அளவு பலன்’, ‘புள்ளியியல் ரீதியாகச் சமம்’, ‘நான்-இன்ஃபீரியாரிட்டியை நோக்கிய போக்கு’: இவை எதுவும் வேண்டாம். முதல் மூன்றும் நீங்கள் நிறுவாததைச் சொல்கின்றன. நான்காவது, −10.8 ஏதோ நடந்துகொண்டே இருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் உள்ளே வந்திருக்கும் என்பதுபோல ஒலிக்கிறது. எண்ணுக்கு அப்படி ஒரு பயணம் கிடையாது. ‘சமம்’ என்ற சொல் கோட்டுக்குள் வந்த ஆய்வுக்கே பொருந்தாது. அதற்கு இரண்டு பக்கமும், −10, +10 என்று எல்லை வைத்துச் சோதிக்கும் ஈக்விவலன்ஸ் ஆய்வு வேண்டும். நான்-இன்ஃபீரியர் என்றால் ‘சொன்ன அளவுக்கு மேல் மோசமில்லை’ என்பது மட்டும்தான்.

வசதி பற்றிய வாக்கியத்தையும் கவனியுங்கள். உங்கள் வரைவு முடிவுரையில் “விழுங்க எளிது, குளிரில் உடம்பு முழுக்கத் தடவிக் காலையில் கழுவ வேண்டியதில்லை, ஆகவே மலைக் கிராமங்களுக்கு ஐவர்மெக்டின் பொருத்தமான மாற்று” என்று இருக்கிறது. கழுத்திலிருந்து கால்வரை க்ரீம் தடவி இரவு முழுக்க விட்டு, ஏற்காட்டு டிசம்பர் விடியலில் குளிப்பது சாதாரண விஷயம் அல்ல. இந்த ஆய்வைத் தொடங்கியதற்கே அதுதான் காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்-இன்ஃபீரியாரிட்டியின் பேரமே இதுதான்: வசதிக்காக 10 புள்ளி வரை பலன் குறைந்தால் பொறுத்துக்கொள்கிறோம். அந்தப் பத்துக்குள் நிற்கிறது என்று காட்ட முடியாதபோது, வசதி என்ற சலுகையைத் திரும்பவும் எடுத்துக்கொண்டு அதே இடத்துக்கு வர முடியாது. அந்த ‘ஆகவே’யை எடுத்துவிட்டு, வசதியை முன்னுரையிலேயே விட்டுவிடுங்கள்.

சுருக்கத்தின் கடைசி வரிக்கும் இதே விதி. சுருக்கத்தை மட்டும் படிப்பவர்கள்தான் அதிகம் என்பதால், அங்கே இடம் குறைவு என்று இடைவெளியையும் மார்ஜினையும் வெட்டாதீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பின்னணியில் ஒரு வரியை வெட்டுங்கள். கான்சார்ட் அறிக்கை நெறிமுறையின் நான்-இன்ஃபீரியாரிட்டி நீட்டிப்பு 2006-ல் வந்து 2012-ல் புதுப்பிக்கப்பட்டது. இடைவெளியையும் மார்ஜினையும் ஒரே படத்தில் காட்டினால் உதவும் என்கிறது. நீங்கள் தாளில் போட்ட அந்தக் கிடைக்கோட்டையே படமாக்கி, மூன்று குச்சிகளையும், முதன்மை, பெர்-புரோட்டோகால், வராதவர்கள் நீங்கலாக என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, −10-ல் ஒரு புள்ளிக்கோடு இழுத்துவிடுங்கள். வைவாவில் பாதிக் கேள்விக்கு அந்தப் படமே பதில் சொல்லும்.

மலையில் உங்களுக்கு உதவிய கிராமச் சுகாதார செவிலியர்கள் “அப்போ மாத்திரை போதுமாம்மா?” என்று கேட்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு இடைவெளியும் மார்ஜினும் வேண்டாம், ஆனால் உள்ளடக்கம் அதேதான் இருக்க வேண்டும்: “க்ரீம் போட்ட 100 பேரில் 86 பேருக்குச் சரியாச்சு, மாத்திரை எடுத்த 100 பேரில் 83 பேருக்கு. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனா மாத்திரையில நூத்துக்குப் பதினொரு பேர் வரைக்கும் கூடுதலா சரியாகாமப் போகலாம்ங்கறதையும் தள்ள முடியலை. பத்துக்கு மேல போனா ஏத்துக்க மாட்டோம்னு முன்னாடியே முடிவு பண்ணியிருந்தோம். அதனால இப்போதைக்கு க்ரீமை நிறுத்திட்டு மாத்திரைக்கு மாறச் சொல்ல எங்ககிட்ட ஆதாரம் இல்லை.”